42 வாரமா, 51 வாரமா: இங்கிலாந்து ஹால்ஸில் மூன்று ஒப்பந்தங்கள்

2023 செப்டம்பரில் எம்.எஸ்ஸி. படிக்க லீட்ஸ் வந்தேன். அப்புறம் பிஎச்.டி. என்று இங்கேயே தங்கிவிட்டேன். மாணவர் விடுதியை இங்கே ஹால்ஸ் என்பார்கள்; இப்போது மூன்றாவது ஹால்ஸ் ஒப்பந்தத்தில் இருக்கிறேன். அறை, சமையலறை பற்றியெல்லாம் நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைத்தது ஒப்பந்தத்தைப் பற்றி. முதல் வருடம் நான் இழந்த பணமும், என் நண்பன் இழந்த பணமும் அந்த ஒப்பந்தத்தைச் சரியாகப் படிக்காததால் போனவை.

ஊரில் விடுதியில் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. லீவில் வீட்டுக்குப் போகும்போது மெஸ்ஸில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், அந்த நாள்களுக்கு ரிடக்‌ஷன் கிடைக்கும். அதே நினைப்பில்தான் இங்கேயும் வந்தேன். இங்கே உள்ள கணக்கு வேறு. நீங்கள் கையெழுத்துப் போடுவது இத்தனை வாரங்களுக்கு இந்த அறை உங்களுடையது என்று. அந்த வாரங்களில் அறையில் படுத்துத் தூங்கினாலும் சரி, மதுரையில் இருந்தாலும் சரி, வாடகை ஓடும்.

என் முதல் ஒப்பந்தம் 42 வாரம், வாரம் 150 பவுண்டு, மின்சாரமும் இணையமும் சேர்த்து. மொத்தம் 6,300. மாத வாடகை கிடையாது. அக்டோபர், ஜனவரி, ஏப்ரல் என்று மூன்று தவணை, ஒவ்வொன்றும் 2,100. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நான்கு வாரம் ஊருக்குப் போனேன். அந்த நான்கு வாரத்துக்கான 600 பவுண்டும் என் கணக்கில்தான். இதைக்கூட நான் குறையாகச் சொல்லவில்லை. பெட்டி, புத்தகம், குக்கர் எல்லாம் அறையிலேயே இருந்தன. திரும்பி வந்து கதவைத் திறந்தால் விட்ட இடத்தில் வாழ்க்கை தொடர்ந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் பலவற்றில் இளநிலை மாணவர்களுக்கு எட்டு வாரப் பருவத்தை ஒட்டியே ஒப்பந்தம் இருக்கும். பருவம் முடிந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும், விடுமுறையில் தங்க வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பம், தனியாகக் கட்டணம். வாடகை மிச்சம்தான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்தவர் வருடத்துக்கு மூன்று முறை மூட்டை கட்ட வேண்டும்.

எனக்கு அடி விழுந்தது கோடையில். ஒப்பந்தம் தொடங்கியது 2023 செப்டம்பர் 16, சனிக்கிழமை. 42 வாரம் எண்ணினால் 2024 ஜூலை 6. ஆனால் எம்.எஸ்ஸி. ஜூலையில் முடிவதில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய நாள் செப்டம்பர் முதல் வாரத்தில். 42 வாரம் என்பது மே, ஜூனில் தேர்வு முடிந்து வீட்டுக்குப் போகும் இளநிலை மாணவர்களை மனதில் வைத்துப் போட்டது. முதுநிலைக்காரர்களுக்கு 51 வார ஒப்பந்தம் அதே பக்கத்தில் இருந்தது. வாரங்கள் குறைந்தால் செலவும் குறையும் என்று நான் சின்னதைத் தேர்ந்தெடுத்தேன்.

51 வாரம் எடுத்திருந்தால் கூடுதலாக 9 வாரம், 1,350 பவுண்டு. ஜூலையில் ஹால்ஸை விட்டு வெளியே வந்து, அந்த ஒன்பது வாரத்துக்குக் குறுகிய கால அறை தேடியபோது கிடைத்தது வாரம் 210. ஆக 1,890. வித்தியாசம் 540 பவுண்டு. பணத்தைவிட வலித்தது நேரம். ஆய்வேட்டின் நடுவில் இரண்டு வாரம் அறை தேடியே போனது.

அதனால் புதிதாக வருபவர்கள் என்னிடம் கேட்டால், பருவத் தேதிகளைப் பார்க்காதீர்கள், உங்கள் படிப்பில் கடைசியாகச் சமர்ப்பிக்க வேண்டிய நாளை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஒப்பந்தத்தின் கடைசி நாள் அதற்குப் பின்னால் இருக்கிறதா என்று நாள்காட்டியில் விரல் வைத்து எண்ணுங்கள். தொடக்க நாளையும் அப்படியே பாருங்கள். விசா தாமதமாகி மூன்று வாரம் கழித்து வந்தாலும், வாடகை பெரும்பாலும் ஒப்பந்தம் தொடங்கிய நாளிலிருந்தே கணக்காகும். விசாவே மறுக்கப்பட்டால் நிராகரிப்புக் கடிதத்தைக் காட்டி விடுபடலாம் என்ற விதி பல ஒப்பந்தங்களில் உண்டு. ஆனால் அதற்கும் ஒரு கடைசி நாள் இருக்கும்.

அடுத்தது விலகல். இங்கே இணையத்தில் பொருள் வாங்கினால் 14 நாளுக்குள் ரத்து செய்யும் சட்ட உரிமை இருக்கிறது. குடியிருக்க வாடகைக்கு எடுக்கும் இடத்துக்கு அது பொருந்தாது. சில ஹால்ஸ் தாங்களாகவே சில நாள் அவகாசம் தருவார்கள். ஒப்பந்தத்தில் அது எழுதியிருந்தால்தான் உண்டு. அதற்குப் பிறகு, அறை பிடிக்கவில்லை, வெளியே மலிவாக வீடு கிடைத்தது என்ற காரணங்களுக்கெல்லாம் விடமாட்டார்கள். நம் இடத்துக்கு இன்னொரு மாணவரைப் பிடித்துத் தர வேண்டும். அவர் ஏற்கெனவே அதே பல்கலைக்கழகத்தின் வேறு அறையில் இருப்பவராக இருக்கக் கூடாது. அவர் ஒப்பந்தம் தொடங்கும் நாள் வரை வாடகை நம்முடையது.

படிப்பையே விடுபவர்களுக்கு வழி கொஞ்சம் எளிது. எங்கள் ஹால்ஸில் நான்கு வார முன்னறிவிப்பு கொடுத்தால் போதும். என் தளத்தில் இருந்த நண்பன் அப்பாவின் உடல்நிலை காரணமாக 2024 பிப்ரவரியில் படிப்பை விட்டான். துறையில் சொல்லி, விலகல் படிவம் கொடுத்து, பிப்ரவரி 10 அன்று விமானம் ஏறிவிட்டான். போகும் அவசரத்தில் அறைச் சாவியை என் கையில் கொடுத்து, "நேரம் கிடைக்கும்போது ரிசப்ஷன்ல குடுத்துடுடா" என்றான். நானும் சரி என்று மேசை இழுப்பறையில் போட்டேன். மூன்று வாரம் அது அங்கேயே கிடந்தது.

மார்ச் 2 அன்றுதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரிசப்ஷனில் இருந்த பெண்மணி ஒரு பழுப்பு உறையில் சாவியைப் போட்டு, அறை எண், தேதி, நேரம் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். அந்தத் தேதிதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஒப்பந்தத்தில் நான்கு வாரம் எண்ணப்படுவது துறையில் சொன்ன நாளிலிருந்து அல்ல; தங்குமிட அலுவலகத்துக்கென்று உள்ள தனிப் படிவமும் சாவியும் இரண்டும் வந்து சேர்ந்த நாளிலிருந்து. அந்தப் படிவத்தை அவன் விமானம் ஏறும் முன்பே அனுப்பிவிட்டான். சாவி என் இழுப்பறையில் இருந்தது.

அவன் இரண்டு தவணை கட்டியிருந்தான், 4,200 பவுண்டு. அது 28 வாரத்துக்கு, அதாவது மார்ச் 30 வரை. சாவி பிப்ரவரி 10 அன்றே போயிருந்தால் ஒப்பந்தம் மார்ச் 9 அன்று முடிந்து, மூன்று வாரத்துக்கான 450 பவுண்டு அவனுக்குத் திரும்பியிருக்கும். மார்ச் 2 அன்று கொடுத்ததால் நான்கு வாரம் சரியாக மார்ச் 30 அன்று முடிந்தது. ஒரு பவுண்டுகூடத் திரும்பவில்லை. மருத்துவச் செலவு ஓடிக்கொண்டிருந்த வீட்டில் 450 பவுண்டு சின்னத் தொகை அல்ல. அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றும் ஆறவில்லை.

பிஎச்.டி. வந்தபின் 51 வாரம்தான் எடுக்கிறேன். அதிலும் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. இந்த வருட ஒப்பந்தம் முடிவதற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் இடையே ஒரு வாரம் விடுபடும். அறைகளைச் சுத்தம் செய்வதற்கான வாரம். அதே அறையில் தொடர்கிறவர்கள் முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி, அந்த ஒரு வாரத்துக்கும் வாடகை கட்டி இருந்துகொள்ளலாம் என்று எங்கள் ஹால்ஸில் சொன்னார்கள். முதல் தடவை ஜூனிலேயே கேட்டேன், உடனே கிடைத்தது. ஆகஸ்ட் கடைசியில் கேட்ட பக்கத்து அறைக்காரர் ஒரு வாரம் நண்பர் வீட்டுச் சோபாவில் படுத்தார்.