பித்தளை உருளியா, கண்ணாடிக் கிண்ணமா?

தண்ணீரில் பூவும் மிதக்கும் மெழுகுவத்தியும் விட எது நல்லது என்று, தர்மபுரியில் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று என இரண்டையும் வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் சாமந்தியின் காம்பு, அடியில் படிந்த தூசி எல்லாம் தெரியும், அதனால் காம்பைப் பூவோடு ஒட்ட நறுக்கவேண்டும். அதைவிடத் தொல்லை நம்ம ஊர் போர் தண்ணீர்: காய்ந்ததும் நீர்மட்டத்தில் வெள்ளை வளையம் விழுந்துவிடுகிறது, வினிகர் போட்டுத் துடைத்தால்தான் போகும். உருளிக்குப் புளி போதும், சுடரும் அதில் மஞ்சளாகப் பிரதிபலிக்கும்.

என் ஓட்டு உருளிக்குத்தான். ஆனால் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே தண்ணீர் நிற்கட்டும், நிறைய ஊற்றினால் காற்றில் சுடர் ஆடி அணைகிறது. அப்புறம், உதிர்ந்த இதழ் வேண்டாம், மெழுகுக் கிண்ணத்துக்குள் ஏறித் திரியில் பட்டுக் கருகும், முழுப் பூவாகவே விடுங்கள்.