17 பேர், 9 படம், ஆல்பத்தில் ஒன்று

எங்கள் வீட்டு ஆல்பத்துக்குப் படம் பொறுக்கும் வேலை ஆறு வருடமாக என்னுடையது. தொடக்கத்தில் எல்லோரும் கண் திறந்திருக்கும் படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டுவிடுவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. ஏன் என்பதற்குத் தாத்தா பாட்டி சதாபிஷேகப் படமே போதும்.

படத்தில் 17 பேர். யாருமே கண் மூடாத ஒரு படமாவது கிடைக்க, நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை 3-ஆலும், மங்கலான இடத்தில் 2-ஆலும் வகுத்தால் வரும் எண்ணிக்கையில் படம் எடுக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் பார்ன்ஸ், நிக் ஸ்வென்சன் இருவரும் கணக்குப் போட்டார்கள். இருபது பேருக்குள் இருக்கும் கூட்டத்துக்கு இது பொருந்தும். இதற்காக 2006-இல், வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் பெற்றார்கள். மண்டபத்தில் வெளிச்சம் குறைவு என்பதால், கேமராவை முக்காலியில் நிறுத்தி 9 படம் எடுக்கச் சொன்னேன்.

கணினியில் இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்து, முகம் திரையில் உள்ளங்கை அளவுக்கு வரும்வரை பெரிதாக்கிப் பார்த்தேன். சின்னதாகப் பார்த்தால் பாதி மூடிய கண்ணும் திறந்ததுபோலவே தெரியும். முதல் மூன்றில் குழந்தைகள் நிலைகொள்ளவில்லை. நான்காவதில் 17 பேருக்கும் கண் திறந்திருந்தது. ஆனால் பாட்டி முகத்தில் ஒன்றுமே இல்லை, பாஸ்போர்ட் படம் மாதிரி. ஏழாவதில் தாத்தா ஏதோ சொல்ல, பாட்டி அவர் பக்கம் சாய்ந்து சிரிக்கிறாள். கண் இடுங்கிப்போயிருக்கிறது.

பழைய நானாக இருந்தால் இதை 'கண் மூடியது' என்று தள்ளியிருப்பேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. இமைத்தால் மேலிமை மட்டும் கீழே இறங்கும், கன்னம் அசையாது. சிரித்தால் கன்னம் மேலேறி, கீழிமையையும் தள்ளிக்கொண்டு வரும், கண்ணோரத்தில் சுருக்கம் விழும். பாட்டிக்கு இருந்தது இரண்டாவது வகை. ஏழாவதையே எடுத்தேன்.

அதில் இரண்டு சிக்கல். பின்வரிசை ஓரத்தில் மாமாவுக்கு நிஜமாகவே கண் செருகியிருந்தது. கேமரா நகராததாலும் மாமா தோள் அசையாததாலும், எட்டாவது படத்திலிருந்து அவர் முகத்தை ஸ்டூடியோக்காரர் சுத்தமாகப் பொருத்திவிட்டார். கேமராவைக் கையில் பிடித்து எடுத்திருந்தால் தலையும் கழுத்தும் இணையும் இடத்தில் காட்டிக்கொடுத்திருக்கும்.

அடுத்தது மடிப்பு. 12-க்கு 36 அங்குல ஆல்பத்தில் படம் இரண்டு பக்கமும் விரியும். நடுவில் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் மடிப்பு அவர்களுக்கு இடையில் போயிருக்கும். சாய்ந்ததால் பாட்டி நெற்றியில் விழுந்தது. நல்லவேளையாக இரு ஓரத்திலும் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு எடுத்திருந்தோம். ஒரு பக்கம் கொஞ்சம் வெட்டிப் படத்தை நகர்த்தியதும், மடிப்பு தாத்தாவுக்கு அடுத்த இடைவெளியில் போய் உட்கார்ந்தது.

ஏன் என் கண் சின்னதாக இருக்கு என்று ஆல்பம் வந்த அன்று பாட்டி கேட்டாள். தாத்தா அந்தப் பக்கத்தைத் திருப்பவிடாமல் கை வைத்துக்கொண்டிருந்தார்.