ஐசோ டிராயிங்கை வெளியே கொடுப்பவர்கள் கவனத்துக்கு: 57 மில்லிமீட்டரில் நான் வாங்கிய அடி

அம்பத்தூரில் சின்ன ஃபேப்ரிகேஷன் ஷெட் வைத்திருக்கிறேன். போன மாதம் ஓசூர் பக்கம் ஒரு சைட்டில் கூலிங் வாட்டர் லைன், 4 இஞ்ச். கீழே நாசிலில் ஃபிளாஞ்சைப் பூட்டி, முன்பே வெல்டு செய்து வைத்த பைப் துண்டான ஸ்பூலை நிமிர்த்தினோம். ஏணி மேலிருந்த ஃபிட்டர், "அண்ணே, எட்டல" என்றார். பைப்புகளைத் தாங்கும் ராக்கில் கிடந்த பைப்புக்கும் எங்கள் மேல் எல்போவுக்கும் மட்டம் சேரவில்லை. டேப் வைத்துப் பார்த்தால் 57 மில்லிமீட்டர் கம்மி.

4 இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 114.3 மில்லிமீட்டர். அதில் பாதி 57. எங்கே தப்பு நடந்தது என்று ஏணியடியிலேயே புரிந்துவிட்டது.

என்னிடம் டிராயிங் ஆள் கிடையாது. பிளான்ட் லேஅவுட்டிலிருந்து, பைப் போகும் வழியை அளவோடு முப்பரிமாணமாகக் காட்டும் ஐசோவும் மெட்டீரியல் லிஸ்டும் போட்டுத் தர, தெரிந்தவர் சொன்ன ஒருவரிடம் கொடுத்தேன். மொத்தம் 10,000 ரூபாய் பேசி, 6,000 முன்பணம். மூன்றே நாளில் பளிச்சென்று பிடிஎஃப் வந்தது. கட் லெங்த் எல்லாம் ஒழுங்காகக் கழித்திருந்தது, அதில்தான் ஏமாந்தேன்.

லேஅவுட்டில் ராக் பக்கத்தில் `BOP EL +4500` என்று இருந்தது. அது பைப்பின் அடிமட்டம். ராக்கில் பைப் ஸ்டீல் மேல் உட்கார்வதால் உயரத்தை அப்படித்தான் குறிப்பார்கள். ஐசோவிலோ சென்டர் லைனில்தான் கணக்கு. 4500-உடன் 57 கூட்டி 4557 எடுக்க வேண்டும். நாசில் சென்டர் 1200. ஆக, நேர்க்குத்து 3357. இவர் 4500-ஐ அப்படியே சென்டராக எடுத்து 3300 போட்டுவிட்டார்.

அதற்கப்புறம் கணக்கு சுத்தம். லாங் ரேடியஸ் எல்போவில் முனையிலிருந்து சென்டர் வரை 152, மேலும் கீழுமாக இரண்டு. வெல்டிங் கேப் மும்மூன்று. 3300-இல் அதெல்லாம் போக 2990 என்று வந்தது. வர வேண்டியது 3047. ஆரம்ப எண்ணே தப்பு என்றால் சாஃப்ட்வேர் எவ்வளவு சரியாகக் கழித்து என்ன பயன்?

நீளமாக இருந்தால் வெட்டிவிடலாம். குறைந்தால்தான் வம்பு. நடுவில் துண்டு வைக்கிறேன் என்று கேட்டேன். ஐம்பது மில்லிமீட்டர் சொச்சத் துண்டுக்கு இரண்டு பக்கமும் வெல்டு, இரண்டும் ஒட்டி ஒட்டி வரும், முடியாது என்றார் கம்பெனி இன்ஸ்பெக்டர். அவர் சொன்னது நியாயம்தான். ஸ்பூலை அறுத்துப் புதுப் பைப் போட்டோம். இரண்டு நாள் கூலி என் கையிலிருந்து.

இதாவது தெரியாமல் செய்த தப்பு என்று விட்டிருப்பேன். மெட்டீரியல் லிஸ்ட்டைப் பார்த்த பிறகுதான் வயிறு எரிந்தது. எங்கள் லைன் பிரஷர் கிளாஸ் 150. லிஸ்ட்டில் வால்வுக்கான ஃபிளாஞ்ச் 300 என்று இருந்தது, அதை நம்பி வாங்கியும் விட்டேன். 4 இஞ்சில் இரண்டு கிளாசுக்கும் துளை எட்டுதான், அதனால் கடையில் சட்டென்று கண்ணில் படவில்லை. ஆனால் துளை வட்டம் 150-க்கு 190.5, 300-க்கு 200 மில்லிமீட்டர். போல்ட்டும் பெரிது. 150 கேட் வால்வோடு வைத்தால் துளைக்குத் துளை நிற்கவே இல்லை. லிஸ்ட்டின் அடியில் பொடி எழுத்தில் வேறு ஏதோ பிளான்ட்டின் லைன் நம்பர்! பழைய வேலையின் லிஸ்ட்டை எடுத்து அளவை மட்டும் மாற்றியிருக்கிறார். என் ஐசோவில் எல்போ ஏழு, லிஸ்ட்டில் ஐந்து என்பதையும் அப்போதுதான் எண்ணினேன். லேஅவுட்டில் செங்குத்தாக இறங்கும் பைப் வெறும் வட்டமாகத்தான் தெரியும். ஐசோ வரையும்போது அதைக் கவனித்தவர் லிஸ்ட்டில் விட்டுவிட்டார்.

போன் செய்தால், "லேஅவுட்ல இருந்ததத்தான் போட்டேன் சார், சைட்ல செக் பண்றது உங்க வேலை" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை.

யாரிடமாவது ஐசோ கொடுப்பவர்கள் மீதிப் பணத்துக்கு முன் அரை மணி நேரம் உட்காருங்கள். ஒவ்வொரு உயரத்திலும் லேஅவுட்டில் இருப்பது அடிமட்டமா, சென்டரா என்று கேளுங்கள். ராக்கிலிருந்து நாசில் வரை ஒரு நேர்க்குத்தையாவது நீங்களே கூட்டிக் கழியுங்கள். பிறகு பென்சிலால் ஐசோவில் ஒவ்வொரு எல்போ, டீ, வால்வையும் தட்டிக்கொண்டே லிஸ்ட்டில் டிக் அடியுங்கள். ஒரு ஃபிளாஞ்ச் ஜோடிக்கு ஒரு கேஸ்கெட், ஒரு செட் போல்ட் வர வேண்டும். வால்வு என்றால் இரு பக்கமும், ஆக இரண்டு செட். என் லிஸ்ட்டில் ஒன்றுதான் இருந்தது.

மீதி 4,000 நான் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. 300 ஃபிளாஞ்ச் நான்கை கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். கிளாஸ் 300 லைன் வேலை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வாங்கிய விலைக்கே தருகிறேன்.