ஐகானா, எழுத்தா? போர்டு கேம் கார்டில் இடம் யாருக்கு?

உப்பு, நெல், கருவாடு, துணி என்று சரக்கு வாங்கி விற்கும் ஒரு சின்ன சந்தை விளையாட்டுக்குக் கார்டு வடிவமைக்க உட்கார்ந்தபோது என் முன்னால் இருந்தவை மூன்று வழிகள். விதி முழுவதையும் ஐகானில் சொல்வது ஒன்று. முழுவதையும் எழுத்தில் சொல்வது இன்னொன்று. ஐகானைப் போட்டு, அதன் விளக்கத்தையும் கீழே சின்ன எழுத்தில் அச்சடிப்பது மூன்றாவது. நான் எடுத்தது இரண்டாவதுக்குப் பக்கத்தில் வரும் ஒன்று: எண்ணிக்கை ஐகானில், விதி எழுத்தில். அதனால் இந்த அலசல் நடுநிலையாக இருக்காது.

மூன்றாவது வழியை முதலில் முடித்துவிடலாம். 2016இல் வந்த ‘டெராஃபார்மிங் மார்ஸ்’ கார்டுகளில் ஐகானும் உண்டு, அதையே சொல்லும் வாக்கியமும் உண்டு. புதியவர் எழுத்தைப் படிப்பார், பழகியவர் ஐகானோடு நிறுத்திக்கொள்வார். யோசனை நல்லதுதான். ஆனால் ஒரே கார்டில் ஒரே விதிக்கு இரண்டு முறை இடம் கொடுக்க வேண்டும். தமிழில் அந்த இடம் கிடைக்காது. அதுபோக, விளையாடிப் பார்த்து ஒரு விதியை மாற்றும்போதெல்லாம் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் கார்டே தன்னோடு முரண்படும்.

மீதி இரண்டுக்கும்தான் உண்மையான போட்டி. ஐகானின் பலம் எங்கே என்பதில் சந்தேகமே இல்லை. கார்டுகளை விசிறியாகப் பிடித்தால் கண்ணுக்குத் தெரிவது இடது ஓரத்தில் ஒரு விரல் அகலம்தான். விலை, சரக்கு, புள்ளி மூன்றும் அங்கே ஐகானாகவும் எண்ணாகவும் இருந்தால் கார்டை உருவாமலேயே கணக்குப் போடலாம். (இடது கைக்காரர்கள் சிலர் எதிர்ப்பக்கமாக விரிப்பார்கள். அவர்களுக்காக வலது மூலையிலும் சரக்கு ஐகானை ஒருமுறை போட்டுவிடலாம்.)

ஐகான் தெளிவாக இருக்கிறதா என்று திரையில் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. அச்சாகும் அளவிலேயே கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்து, மேசையின் எதிர்ப்பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஓவியர் நெல்லையும் உப்பையும் மூட்டையாகத்தான் வரைந்திருந்தார். திரையில் இரண்டும் அழகு. 5 மி.மீ. அளவில், நிறம் போனதும், இரண்டும் ஒரே மூட்டை. நெல்லைக் குனிந்த கதிராகவும், உப்பை உப்பளத்தில் குவித்திருப்பார்களே, அந்தக் கூம்பாகவும் மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. வெளிக்கோடு மட்டும் பார்த்து அடையாளம் தெரிய வேண்டும். நிறம் அதற்கு மேல் கிடைக்கும் உதவி. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அப்போதுதான் விளையாட்டு நடக்கும். ‘டிக்கெட் டு ரைடு’ ரயில் கார்டுகளில் நிறத்துக்கு ஒரு சின்னம் சேர்த்திருப்பது இதற்காகத்தான்.

சரி, அப்படியானால் விதியையும் ஐகானிலேயே சொல்லிவிட்டால் என்ன? என் முடிவைத் தீர்மானித்தது இந்த இடம்தான். எங்கள் கார்டுக்கட்டில் ஒரு கார்டின் பெயர் ‘தரகர்’. கையிலிருந்து ஒரு கார்டைக் கழித்தால் கட்டிலிருந்து இரண்டு எடுக்கலாம். ஐகான் வடிவில் அது ஒரு கார்டு, ஒரு அம்புக்குறி, இரண்டு கார்டு. பார்த்தவுடன் புரிந்ததுபோலத்தான் இருக்கும். விளையாட ஆரம்பித்ததும் கேள்விகள் வரும். கட்டாயம் கழிக்க வேண்டுமா, விருப்பம்தானா? கையிலிருந்தா, மேசையில் இறக்கியதிலிருந்தா? ஒரு முறையா, எத்தனை முறை வேண்டுமானாலுமா? இன்னொரு கார்டில் இரண்டு உப்பு, அம்புக்குறி, ஒரு காசு என்று இருக்கிறது. அங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரே அம்புக்குறிக்கு ஒரே கட்டில் இரண்டு அர்த்தம்.

இதற்கும் ஐகானில் வழி உண்டு. விருப்பத்துக்குப் புள்ளிக்கோட்டு அம்பு, திரும்பச் செய்வதற்கு வளையும் அம்பு என்று சேர்க்கலாம். ஒவ்வொன்றும் புதியவர் மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு குறி. 2007இல் வந்த ‘ரேஸ் ஃபார் த கேலக்ஸி’யில் நடந்தது ஏறக்குறைய இதுதான். பழகியவர்கள் மின்னல் வேகத்தில் ஆடுவார்கள், புதியவர்கள் திணறுவார்கள். அங்கேயும் சிக்கலான சக்திகளுக்கு ஐகானோடு எழுத்தும் துணைக்கு வருகிறது. ‘செவன் வொண்டர்ஸ்’ ஐகானை வைத்தே சமாளிக்கிறது என்றால், அதன் கார்டுகளில் பெரும்பாலானவை ‘இதைக் கொடு, அதைப் பெறு’ என்ற அளவில் நிற்பதுதான் காரணம். ‘என்ன, எத்தனை’ என்பதை ஐகான் நன்றாகச் சொல்லும். ‘செய்தால், செய்யாவிட்டால், ஒரு முறை மட்டும்’ என்பதெல்லாம் வந்தால் எழுத்துக்குப் போய்விடுவதே மேல்.

எழுத்தின் விலை இடம். 63×88 மி.மீ. கார்டில் வெட்டுப் பிசகுக்காக நான்கு பக்கமும் 3 மி.மீ. விட்டால் மிஞ்சுவது 57×82. பெயருக்கு 9, படத்துக்கு 45 போக, விதிக்கு 28 மி.மீ. உயரம். தமிழில் மேலே புள்ளியும் கொக்கியும், கீழே உகர வாலும் வருவதால் வரிகளை நெருக்க முடியாது. 9.5 பாயிண்ட் எழுத்துக்கு 14 பாயிண்ட் வரி இடைவெளி வைத்தேன். ஐந்து வரிதான் தேறும், வரிக்குச் சுமார் 20 எழுத்து.

‘தரகர்’ கார்டின் முதல் வாசகம் இது: “இந்தக் கார்டை இறக்கும்போது, உங்கள் கையிலுள்ள கார்டுகளில் ஒன்றைக் கழித்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கட்டிலிருந்து இரண்டு கார்டுகளை எடுத்துக்கொள்ளலாம்.” 14 சொல்தான், ஆனால் பெட்டி நிரம்பிவிட்டது. கார்டை இறக்கும்போதுதான் விதி நடக்கும் என்பது எல்லாக் கார்டுக்கும் பொது. அதை விதிப் புத்தகத்தில் ஒருமுறை சொன்னால் போதும். கழிப்பது எப்போதும் கையிலிருந்து, எடுப்பது எப்போதும் கட்டிலிருந்து என்பதும் அங்கேயே போய்விடும். மிஞ்சியது: “1 கார்டு கழித்தால் 2 கார்டு எடு. ஒரு முறை மட்டும்.” ‘கழித்தால்’ என்பதிலேயே கட்டாயமில்லை என்பது வந்துவிடுகிறது. ‘டொமினியன்’ கார்டுகள் 2008 முதல் செய்வதும் இதுதான்: அடிக்கடி வரும் பலன்கள் பெரிய எழுத்தில், எண்ணோடு, ஒரு வரிக்கு ஒன்று, விசேஷ விதி மட்டும் கீழே வாக்கியமாக.

அச்சுக்குப் போகுமுன் பார்க்க வேண்டியவை சில உண்டு. வாசகம் அடங்காத கார்டில் மட்டும் எழுத்தைச் சுருக்கக் கூடாது. கையில் பிடிக்கும்போது அந்தக் கார்டு தனியாகப் பல்லிளிக்கும். அடங்கவில்லை என்றால் விதியைத்தான் சுருக்க வேண்டும். சின்ன அளவில் தடித்த எழுத்து போட்டால் ண, ஞ போன்றவற்றின் சுழி மையில் அடைத்துக்கொள்ளும். ‘2’ ஒரு வரியின் கடைசியிலும் ‘கார்டு’ அடுத்த வரியிலும் பிரிந்து நிற்காமலிருக்க, நடுவில் உடையாத இடைவெளி போட வேண்டும். இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அச்சகத்தில் யாரும் கவனிக்காமல் அப்படியே அடித்துக் கொடுத்துவிட வாய்ப்புண்டு.

என் தேர்வு எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். எங்களோடு விளையாடியவர்கள் எல்லோரும் தமிழைச் சரளமாகப் படிப்பவர்கள். தமிழ் பேசத் தெரிந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஐகான் கார்டே வேகமாக இருக்கலாம். ஒரே குழு மாதக்கணக்கில் ஆடும் விளையாட்டுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அந்த அளவுக்கு நாங்கள் ஆடிப் பார்க்கவில்லை. எங்கள் கட்டிலேயே இரண்டு கார்டுகளின் விதி ஐந்து வரிக்குள் வரவே இல்லை. அவற்றின் முழு விளக்கம் இப்போது ஆளுக்கொன்று கொடுக்கும் குறிப்புக் கார்டில் இருக்கிறது, கார்டில் அதன் வரிசை எண் மட்டும்.