நேரான உடல்வாகுக்கு இடுப்பு வரவழைத்தல்: மேலாடை, பெல்ட், வளைந்த கீழ்விளிம்பு பற்றிய நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

என் அளவுகள் மார்பு 34 அங்குலம், இடுப்பு 31, தையற்காரர்கள் சீட் என்று சொல்லும் கீழளவு 35. மூன்றுக்கும் இடையே வித்தியாசம் இவ்வளவு சிறிதாக இருக்கும்போது, தோளிலிருந்து முழங்கால் வரை நேராக விழுகிற குர்த்தி எதைப் போட்டாலும் மேலும் கீழும் ஒரே அகலமாகத்தான் தெரியும். யாழ்ப்பாணத்து உடுப்புக்கடைகளில் தொங்கும் ரொப்புகளில் பெரும்பகுதி அந்த நேர்வெட்டுத்தான் என்பதால், சில வருடங்களாக ரொப்புக்கு மேல் போடும் மேலாடை, பெல்ட், கீழ்விளிம்பு என்ற மூன்றையும் மாற்றி மாற்றி அணிந்தும் தைப்பித்தும் வந்திருக்கிறேன். இவற்றில் அதிக வேலை செய்வது கீழ்விளிம்பு. அதற்கு அடுத்தது மேலாடை. எல்லோரும் முதலில் வாங்குகிற பெல்ட் என் கணக்கில் கடைசி.

பெல்ட்டைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இடுப்பு உள்ளொடுங்கிய உடம்பில் பெல்ட் அந்த ஒடுக்கத்தில் தானாகவே உட்கார்ந்துவிடும். நேரான உடம்பில் அதைப் பிடித்து வைக்க எதுவும் இல்லாததால், குனிந்து நிமிர்ந்ததும் மேலேறி விலாவுக்குக் கீழே நிற்கும் அல்லது ஒரு பக்கமாகச் சரியும். இதற்கு இறுக்கிக் கட்டுவது பரிகாரமல்ல. பக்கத் தையல்கள் இரண்டிலும் நூலால் சிறு கண்ணிகள் போட்டு, பெல்ட்டை அவற்றுக்குள்ளால் விட்டால் போதும். அத்துடன், பெல்ட்டுக்கு மேலேயுள்ள துணியை ஓர் அங்குலம் அளவுக்கு இழுத்துச் சற்றுத் தொங்கவிட வேண்டும், ஏனெனில் இடுப்பு ஒடுங்கியதாகக் கண்ணுக்குத் தோன்றுவது அதன் மேலும் கீழும் துணி விரிவதால்தான். பக்க வெட்டு உள்ள குர்த்திக்கு மேல் பெல்ட் கட்டுவதை நான் விட்டுவிட்டேன். பெல்ட் துணியை மேலே இழுத்தவுடன் வெட்டு சீட்டின் மேல் வாய்பிளந்து நிற்கும், பின்புறத் துண்டு நாள் முழுக்கச் சுருண்டுகொண்டே இருக்கும். அகலம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போனால், உடல்மேற்பகுதி குட்டையான என்னைப் போன்றவர்களுக்குப் பெல்ட் மட்டும்தான் தெரியும். ஆடையின் நிறத்திலேயே பெல்ட்டும் இருந்தால் உடம்பு இரண்டாகத் துண்டிக்கப்படாது.

கீழ்விளிம்புக்கு வருகிறேன். எனக்குத் தைத்துத் தரும் அக்கா ஒரு தடவை துணியை விரித்து வைத்துக்கொண்டு சொன்னார்: “இறுக்கிறதில ஒண்டும் இல்லைப் பிள்ளை, கீழ சீலையை விரிச்சு விட்டாத்தான் இடுப்புத் தெரியும்.” அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான் நான் இன்றுவரை அலுவலகத்துக்கு அதிகம் அணியும், இடுப்புத் தையலுக்குக் கீழே தனித்துண்டாக விரிந்து விழும் பெப்லம் ரொப். அதன் கணக்கை முழுதாகவே தருகிறேன்.

முதலில் ஒரு நாடாவை உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தால், அது எங்கே மடிகிறதோ அதுவே இயல்பான இடுப்பு. நேரான உடம்பில் கண்ணாடியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. தையல்கோட்டை அதற்கு ஓர் அங்குலம் மேலே வைத்தோம். கால் நீளமாகத் தெரிவது அதனால்தான். மார்பில் தளர்வு சேர்த்து 37 அங்குலம், தையல்கோட்டில் 33. இந்த 4 அங்குல வித்தியாசத்தை ஒரே இடத்தில் எடுத்துவிடாமல், பின்புறத்தில் துணியைக் கூராக மடித்துத் தைக்கும் இரண்டு டாட்டுகளில் ஓர் அங்குலம் வீதமும், இரு பக்கத் தையல்களிலும் ஓர் அங்குலம் வீதமும் பகிர்ந்தார். 33ஐயும் குறைத்து 31க்குக் கொண்டுவந்தால் முதுகின் கீழ்ப்பகுதியில் குறுக்காகச் சுருக்கங்கள் விழும், உட்கார்ந்து எழும்போது ரொப் மேலேறி நிற்கும். அளவு மீறிவிட்டது என்பதற்கு இவையே அடையாளம்.

தையல்கோட்டுக்குக் கீழ் வருவது அரைவட்டம். 33ஐ 3.14ஆல் வகுத்தால் உள்ளாரை 10.5 அங்குலம்; அதற்குக் கீழே 8 அங்குல நீளம் விட்டால் வெளியாரை 18.5, கீழ்விளிம்பின் சுற்றளவு ஏறத்தாழ 58. சீட் அளவு 35 மட்டுமே என்பதால் மீதமுள்ள 23 அங்குலமும் மெதுவான அலைகளாக விழும். முழுவட்டமாக வெட்டினால் சுற்றளவு 83 வரை போய், கொட்டன் துணியில் அது குடைபோல விரிந்து நிற்கும். வழுவழுப்பான ரேயனில் மட்டுமே முழுவட்டம் அழகு. அரைவட்டத்தை இரண்டு கால்வட்டங்களாக வெட்டிப் பக்கங்களில் தைப்பதால், 44 அங்குல அகலத் துணியில் இரண்டும் பக்கம் பக்கமாக அடங்கிவிடும். பக்கங்களை முன்பின் நடுப்பகுதியைவிட ஒன்றரை அங்குலம் குட்டையாக வளைத்து வெட்டச் சொன்னேன். குறுக்கே நேர்கோடாக முடியும் விளிம்பு உடம்பின் அகலத்தைக் கோடு போட்டுக் காட்டும். பக்கத்தில் ஏறி நடுவில் இறங்குகிற வளைவு அந்தக் கோட்டை உடைத்து, இல்லாத வளைவொன்றைச் சீட்டின் பக்கத்தில் வரைந்துவிடுகிறது. விளிம்பை மடித்துத் தைப்பதற்கு முன் ரொப்பை ஓர் இரவு தொங்கவிடுவது அவசியம். கால்வட்டத்தின் நடுப்பகுதி துணியின் சாய்விழையில் அமைவதால் அது இழுபட்டு இறங்கும். அவசரப்பட்டு மடித்த விளிம்பு முதல் சலவையோடு கோணலாகிவிடும்.

மேலாடை விடயத்தில் காலநிலையும் சேர்ந்து தீர்மானிக்கிறது. ரொப்பையும் காற்சட்டையையும் ஒரே கரும் நிறத்தில் அணிந்து, அதன் மேல் முன்திறந்த மெல்லிய மேலாடை ஒன்றைப் போட்டால், நடுவில் ஒடுங்கிய நீள்பட்டை மட்டும் தெரிந்து, பக்கங்கள் மறைந்துவிடும். முன்விளிம்புகள் நேராக இறங்காமல் இடுப்பிலிருந்து பக்கங்களை நோக்கி வளைந்து விலகினால் பெல்ட்டே தேவையில்லை. மேலாடை முடியும் இடம் இடுப்பாக இருக்கட்டும், அல்லது நடுத்தொடையாக இருக்கட்டும்; சீட்டின் அகன்ற இடத்தில் முடிந்தால் உடம்பு மீண்டும் பெட்டியாகிவிடும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் இதைச் சிரமமின்றி அணியலாம். சோளகம் வீசும் காலத்தில் வெயிலோடு வியர்வையும் சேரும், ஸ்கூட்டியில் போகும்போது மேலாடையின் தொங்கல் காற்றில் பறந்து பின்சக்கரத்தை நோக்கிப் போகும். அப்போது நான் இடுப்போடு முடியும் கையில்லாத வொயில் மேலாடைக்கு மாறிவிடுவேன்.

நீடித்து உழைப்பதைப் பொறுத்தவரை, செயற்கைத் தோல் பெல்ட்டுகள் வியர்வையில் மடிப்பு விழும் இடத்தில் உரிந்து போயின, அகன்ற இலாஸ்டிக் பெல்ட்டுகள் தொய்ந்து போயின. பெப்லம் வெட்டியபின் மிஞ்சிய துணிக்குள் விறைப்புக்காகப் பக்ரம் வைத்துத் தைத்த பெல்ட் மட்டும்தான் இன்னும் நிற்கிறது, ஆனால் அதைத் துவைத்தபின் மடிக்காமல் நீளமாக உலர்த்த வேண்டும். எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லின் கடினநீர் என்பதால் சவர்க்காரம் சரியாகப் போகாமல் கொட்டனில் தங்கி, துணியை விறைப்பாக்குகிறது. விறைத்த பெப்லம் அலையாக விழாமல் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். கடைசி அலசலுக்கு மழைநீர் கிடைக்கும் மாதங்களில் இந்தத் தொல்லை இல்லை. மற்ற நாட்களில் ஈரம் முற்றாகக் காய்வதற்கு முன்பே உட்புறமாகத் திருப்பி, கீழ்விளிம்பின் வளைவோடு இஸ்திரிப்பெட்டியை நகர்த்தினால் அலைகள் ஓரளவு திரும்பி வரும்.