டிக் அடிக்க வைப்பதா, செய்து காட்டச் சொல்வதா?

ஊட்டி, குன்னூர், கூடலூர் என மூன்று ஊர்களில் உள்ள எங்கள் மருத்துவமனைகளுக்கு பில், பார்மசி, கணக்கு எல்லாவற்றையும் நடத்தும் ஒரே ஈஆர்பி மென்பொருள் வாங்க, வெண்டர்களிடம் விவரமும் விலையும் கேட்கும் ஆர்எஃப்பியை இரண்டு முறை எழுத வேண்டியதாயிற்று.

முதல் முறை வழக்கமான பட்டியல்தான். வேண்டிய வசதிகள் நானூறு வரி, எதிரே ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டம். தயாரிப்பதும் கூட்டிப் பார்ப்பதும் சுலபம். ஆனால் எந்த வெண்டர் ‘இல்லை’ என்று எழுதுவார்? தரத்தில் நூற்றுக்கு ஒருவருக்கு 96, இன்னொருவருக்கு 94. தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று வைத்திருந்தோம். ஐந்து வருட மொத்தச் செலவு முதலாமவருக்கு 60 லட்சம், அடுத்தவருக்கு 80 லட்சம். குறைந்த விலையை அவரவர் விலையால் வகுத்து 30-ஆல் பெருக்கினால் 30-ம் 22.5-ம் வரும். தர மதிப்பெண்ணில் 70 சதவீதத்தை இதோடு கூட்டினால் 97.2-க்கு எதிராக 88.3. தர மதிப்பெண் இப்படி ஒட்டி நின்றால், 70 என்று எழுதினாலும் முடிவைச் சொல்வது விலை மட்டும்தான்.

அடுத்த முறை ஒரு நாள் முழுக்கச் செய்து காட்டச் சொன்னோம். அதில் ஒரு காட்சிதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஜூலை மழையில் கூடலூரில் நெட் போகிறது (எங்களுக்கு இது கற்பனை இல்லை). உள்நோயாளி ஒருவருக்கு பார்மசி மருந்து கொடுக்க வேண்டும், பில் போட வேண்டும். அப்புறம் அவரை ஊட்டிக்கு அனுப்புகிறோம். நெட் திரும்பியதும் அவர் ஒரே நோயாளி எண்ணில் இருக்கிறாரா? பில் எண் இரட்டித்ததா? அதே பேட்ச் ஊசி மருந்தை இரண்டு கவுன்டரில் கொடுத்து, ஸ்டாக் மைனஸில் நிற்கிறதா?

நேரில் காட்டினால் 5, செட்டிங் மாற்றினால் வரும் என்றால் 3, ‘எழுதித் தருகிறோம்’ என்றால் 1. நர்ஸ், பார்மசிஸ்ட், பில்லிங் ஆள் தனித்தனியாகப் போட்டார்கள். விலை உறையை அதற்குப் பிறகே பிரித்தோம். நெட் இல்லாவிட்டால் முதலாமவரின் திரை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. பட்டியலில் அந்த வரிக்கும் ‘உண்டு’தான்! இப்போது தரத்தில் முதலாமவருக்கு 58, அடுத்தவருக்கு 81. விலையும் சேர்த்தால் 70.6-க்கு எதிராக 79.2. அதே விலை, அதே 70:30, ஆனால் ஜெயித்தவர் வேறு.

கணக்கு, சம்பளம் போன்றவற்றுக்குப் பட்டியலே போதும் என்றுதான் தோன்றுகிறது; அங்கே நாங்கள் அதையே வைத்துக்கொண்டோம். பத்து, பதினைந்து மருத்துவமனை உள்ள குழுமத்துக்கு ஒரு நாள் டெமோ போதுமா என்று என் மூன்று ஊர் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

கூடலூர் காட்சியை அப்படியே ஒப்பந்தத்திலும் சேர்த்துவிட்டோம். எங்கள் சர்வரில், எங்கள் ஆட்கள் கையால், கேபிளைப் பிடுங்கிவிட்டு அது ஓடினால்தான் கடைசித் தவணை.