தட்டிப் பார்ப்பதா, தள்ளிப் பார்ப்பதா: ரிதம் கேமுக்கு ஒரு காலிபரேஷன் திரை

கோடோ எஞ்சினில் நான் எழுதிய சின்ன ரிதம் கேமை முதன்முதலில் வெளி ஆள் ஒருவர் விளையாடியது என் சித்தி பையன்தான். இரண்டு நிமிடம் கழித்து போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அண்ணா, பாட்டு ஒரு பக்கம் போகுது, நோட்டு ஒரு பக்கம் போகுது" என்றான். என் போனில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவன் காதில் புளூடூத் இயர்பட்ஸ் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அன்று இரவே, ஒலித் தாமதத்தை அளந்து ஈடுசெய்யும் காலிபரேஷன் திரை செய்ய உட்கார்ந்தேன், அது பாதி தப்பு. ஏனென்றால் அவன் சொன்ன ஒரே புகாருக்குள் இரண்டு கோளாறு இருந்தது, அதில் ஒன்றை எந்தத் திரையாலும் சரிசெய்ய முடியாது.

ஒன்று, நோட்டு ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவு விலகி நிற்பது. இது தாமதம். மற்றது, முதல் நிமிடம் சரியாக இருந்து போகப் போக விலகுவது. இது டிரிஃப்ட். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு: ஒவ்வொரு தட்டும் எத்தனை மில்லிவினாடி முன்பின் விழுந்தது என்று பதிவு செய்து, பாட்டின் முதல் முப்பது வினாடிக்கும் கடைசி முப்பது வினாடிக்கும் தனித்தனியாகச் சராசரி எடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் தாமதம், காலிபரேஷன் உதவும். கணிசமாக வேறுபட்டால் முதலில் கேமின் கோடிங்கையோ, எந்த நோட்டு எப்போது வரும் என்று குறித்து வைக்கும் சார்ட்டையோ திருத்த வேண்டும்.

என்னிடம் இரண்டிலும் குறை. கோடிங்கில், பாட்டின் நேரத்தை ஒவ்வொரு ஃப்ரேமிலும் `delta` கூட்டிக் கூட்டிக் கணக்கிட்டிருந்தேன். போன் திணறி ஒலி ஒரு கணம் நின்றாலும் என் கடிகாரம் நிற்காது, அந்த இடைவெளி அப்புறம் மூடவே மூடாது. சார்ட்டில், பாட்டின் வேகத்தை 128 பி.பி.எம். என்று போட்டிருந்தேன், உண்மையில் அது 127.9. ஒரு பீட்டுக்கு 0.37 மில்லிவினாடிதான் வித்தியாசம், யார் காதுக்கும் தெரியாது. ஆனால் மூன்று நிமிடத்தில் 384 பீட், கடைசியில் சுமார் 140 மில்லிவினாடி. மெட்ரோனோம் கிளிக் இல்லாமல் கையால் வாசித்துப் பதிவான பாட்டு என்றால் ஒரே பி.பி.எம். போதவே போதாது, நடுநடுவே புது வேகக் குறி வைக்கத்தான் வேண்டும்.

கடிகாரத்தை ஒலியிடமே கேட்கும்படி மாற்றினேன்:

```gdscript
var out_lat := AudioServer.get_output_latency()
var last_t := 0.0

func song_time() -> float:
    var t = player.get_playback_position()
    t += AudioServer.get_time_since_last_mix()
    t -= out_lat
    last_t = max(last_t, t)
    return last_t
```

`get_playback_position()` ஒலி கலக்கப்படும் துண்டுகளின் கணக்கில் தாவித் தாவித்தான் நகரும், இரண்டாவது வரி அந்தத் தாவலை நிரப்புகிறது. சில சமயம் விடை ஒரு துளி பின்னால் போய்விடும், அதற்குத்தான் `max`. பாட்டை மறுபடி தொடங்கும்போது `last_t`-ஐ பூஜ்யமாக்க மறந்தால் நோட்டெல்லாம் உறைந்து நிற்கும். மறந்தேன், நின்றது.

இதுவும் சார்ட்டின் வேகத்தைத் திருத்தியதும் சேர்ந்து டிரிஃப்டைத் தீர்த்தன. புளூடூத் தாமதம் அப்படியே இருந்தது. `out_lat` சொல்வது எஞ்சினுக்குத் தெரிந்த அளவுதான், இயர்பட்ஸ் தனக்குள் எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது என்பது என் போனில் அதில் சேரவில்லை. அதை ஆட்டக்காரரின் காதிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும் விதத்தில்தான் போட்டி.

நான் பார்த்தவை மூன்று. ஸ்லைடர்: ஒரு கிளிக் சத்தமும் திரையில் ஒரு ஒளிமின்னலும் திரும்பத் திரும்ப வரும், இரண்டும் ஒன்றாகும் வரை தள்ளுங்கள். தட்டும் திரை: கிளிக் கேட்கும்போதெல்லாம் திரையைத் தட்டுங்கள், மிச்சத்தை கேம் கணக்குப் பார்க்கும். மூன்றாவது, திரையே வேண்டாம், ஆடி முடித்த பாட்டின் தட்டுகளிலிருந்தே, கழிக்க வேண்டிய அளவான ஆஃப்செட்டைப் பரிந்துரைப்பது, `osu!` என்ற ரிதம் கேம் இப்போது தருவதுபோல. 2008-ல் வந்த ராக் பேண்ட் 2 கேமின் கிதாரில் ஒளி உணரியும் மைக்கும் உள்ளேயே இருந்தன, டி.வி. முன்னால் பிடித்தால் தானே அளந்துகொள்ளும். அழகான தீர்வு, ஆனால் வன்பொருளும் நீங்களே செய்தால்தான். காதுக்குள் இருக்கும் இயர்பட்ஸ் சத்தம் போனின் மைக்குக்குக் கேட்காது.

ஸ்லைடரைத்தான் முதலில் செய்தேன், அரை நாள் வேலை. ஐந்து பேரிடம் கொடுத்ததில், ஒரே போனில் ஒரே ஆளே மூன்று முறை தள்ளினால் மூன்று விடை வந்தது, 40 மில்லிவினாடி வரை வித்தியாசத்தோடு. குற்றம் அவர்களுடையது அல்ல. கண்ணும் காதும் இந்த விஷயத்தில் ரொம்பத் தாராளம். தொலைக்காட்சிக்காக ஐ.டி.யூ. என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு 1998-ல் வெளியிட்ட பரிந்துரையிலேயே, ஒலி 45 மில்லிவினாடி முந்தினாலோ 125 மில்லிவினாடி பிந்தினாலோதான் பார்ப்பவருக்குத் தெரியத் தொடங்கும் என்ற அளவில் இருக்கிறது. என் கேமில் 'அருமை' வாங்க ±40-க்குள் தட்ட வேண்டும். அளவுகோலின் கோடுகளே அளக்கும் பொருளைவிடப் பருமனாக இருந்தால் என்ன செய்ய?

மூன்றாவது வழி கேட்க சுகமாக இருக்கிறது, அதில் மாட்டியது இங்கே. சித்தி பையனின் இயர்பட்ஸில் தாமதம் சுமார் 214 மில்லிவினாடி. அரை பீட்டுக்கு ஒரு நோட்டு வரும் பகுதியில் நோட்டுகளுக்கு நடுவே 234 மில்லிவினாடிதான். ஆக, அவன் 214 பிந்தித் தட்டியதை, கேம் அடுத்த நோட்டுக்கு 20 முந்தித் தட்டியதாக எடுத்துக்கொள்கிறது! பரிந்துரை வருகிறது: "20 முந்துகிறீர்கள்." திசையே தலைகீழ். நோட்டு நெருக்கமில்லாத பாட்டிலும் வேறொரு சிக்கல்: அனுமதிக்கும் வரம்புக்குள் விழுந்த தட்டுகள் மட்டும்தான் சராசரிக்கு வரும், வெளியே விழுந்தவை தவறவிட்டவை என்று போய்விடும், அதனால் பெரிய தாமதமும் சின்னதாகத் தெரியும். ஏற்கெனவே ஓரளவு சரியாக இருப்பதை நுணுக்கமாக்க இது நல்ல வழிதான். முதல் அளவீட்டுக்கு உதவாது.

தட்டும் திரையில் இதெல்லாம் நம் கையில் இருக்கிறது. கிளிக்குகளுக்கு நடுவே 600 மில்லிவினாடி வைத்தேன், அதாவது 100 பி.பி.எம். தட்டு எந்தக் கிளிக்குக்குப் பக்கமோ அதோடு சேர்ப்பதால் ±300 வரை குழப்பம் வராது. முதலில் 120 பி.பி.எம். வைத்திருந்தபோது எல்லை ±250, கடையில் வாங்கிய பழைய புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றில் −220 என்று விடை வந்தது, உண்மையில் அது 280. ஒலி எதிர்காலத்திலிருந்து வருவதாகச் சொல்லும் எண்ணை நானும் ஒரு மணி நேரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மொத்தம் 20 கிளிக். முதல் நான்கைத் தள்ளிவிடுகிறேன், ஆட்கள் தாளத்துக்குள் நுழைய அவ்வளவு நேரமாகிறது. மிச்சம் 16-க்கு சராசரி எடுக்காமல் வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுக்கிறேன், ஒரு தட்டு தவறினாலும் விடை ஆடாது. தட்டுகள் ரொம்பச் சிதறியிருந்தால் எண்ணைக் காட்டாமல் இன்னொரு முறை தட்டச் சொல்கிறேன். இன்னொன்று, அந்த நேரத்தில் திரையில் எதுவும் அசையக் கூடாது. முதலில் ஒரு வட்டம் துடிக்கும்படி வைத்திருந்தேன், எல்லோரும் காதை விட்டுவிட்டு வட்டத்தைப் பார்த்துத் தட்டினார்கள், புளூடூத்திலும் தாமதம் பூஜ்யம் என்று வந்தது.

என்னை இந்தப் பக்கம் சாய்த்தது துல்லியம்கூட இல்லை, திரும்பச் செய்வதற்கு ஆகும் நேரம். இதை ஒரு முறை செய்து முடிக்கும் வேலையாக நினைத்ததுதான் என் பெரிய தவறு. பஸ்ஸில் இயர்பட்ஸ், வீட்டில் ஸ்பீக்கர், சார்ஜ் தீர்ந்தால் வயர் இயர்போன் என்று ஒரே ஆளுக்கே ஒரு நாளில் மூன்று தாமதம், என் அளவீட்டில் வயரில் 31, போன் ஸ்பீக்கரில் 38, இயர்பட்ஸில் 214. ஸ்லைடரோடு மல்லுக்கட்ட ஒருவருக்கு ஒன்றிரண்டு நிமிடம் ஆனது, இரண்டாம் முறை யாரும் அந்தப் பக்கமே போகவில்லை, கேம் சரியில்லை என்று விட்டுவிட்டார்கள். தட்டும் திரை 12 வினாடி. அதனால் அதை செட்டிங்ஸின் அடியில் புதைக்காமல் பாட்டு நிறுத்தும் மெனுவிலேயே வைத்தேன். வந்த எண்ணை 'புளூடூத்', 'மற்றவை' என்று இரண்டு பெயரில் சேமிக்கிறேன், ஆட்டக்காரர் ஒன்றைத் தொட்டால் போதும். கருவியைத் தானாக அடையாளம் காண வைக்கலாம்தான், நான் அதில் இறங்கவில்லை.

எண் கிடைத்ததும், அதை வினாடியாக்கி ஒரே ஒரு இடத்தில் கழிக்க வேண்டும்:

```gdscript
func heard_time() -> float:
    return song_time() - offset
```

நோட்டை வரைவதும் தட்டை மதிப்பிடுவதும் இரண்டுமே `heard_time()`-ஐப் பார்க்க வேண்டும். மதிப்பீட்டில் மட்டும் கழித்தால், காதில் விழும் முன்பே நோட்டு தட்ட வேண்டிய கோட்டைத் தாண்டிப் போகும், மார்க் சரியாக வந்தாலும் ஆடுபவருக்குத் தலை சுற்றும். கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டால் கோளாறு இரட்டிப்பாகும், காலிபரேஷனுக்குப் பிறகு முன்னைவிட மோசமானால் முதலில் அந்தக் குறியைப் பாருங்கள். போனில் ஒரே எண் போதுமானதாக இருந்தது. டி.வி.யில் திரையும் தனியாகத் தாமதிக்கும், அங்கே படத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று என இரண்டு எண் தேவைப்படும். நான் டி.வி.க்கு எதுவும் வெளியிட்டதில்லை, அந்தப் பக்கம் இதற்கு மேல் பேச மாட்டேன்.

தட்டும் திரைக்கும் குறை உண்டு. வெறும் கிளிக்குக்குத் தட்டும்போது மனிதர்கள் இயல்பாகவே சில பத்து மில்லிவினாடி முந்துவார்கள், இசை பழகியவர்கள் கொஞ்சம் குறைவாக. அதனால் வரும் எண் உண்மைத் தாமதத்தைவிடச் சிறிது குறைவு. பாட்டுக்குள் நோட்டு வருவதைக் கண்ணால் பார்த்துத் தட்டும்போது அந்த முந்தல் அதே அளவில் இருப்பதில்லை. எனக்கு ஒவ்வொரு முறையும் 10 மில்லிவினாடி அளவுக்கு மிச்சம் நின்றது. அதற்காக 5, 5 ஆகக் கூட்டிக் குறைக்கும் இரண்டு பொத்தான் வைத்தேன், அவற்றின் பக்கத்தில் மூன்றாவது வழியின் பரிந்துரையையும் காட்டுகிறேன். தோற்ற இரண்டு வழியும் இப்படிச் சின்னதாக உள்ளே வந்துவிட்டன.

ஒன்று மட்டும் எந்த வழியாலும் ஆகவில்லை. தட்டியதும் கேட்கும் 'டக்' ஒலி இயர்பட்ஸில் 214 மில்லிவினாடி கழித்துத்தான் கேட்கும். பாட்டு எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும், தட்டு எப்போது வரும் என்று தெரியாதே. 'புளூடூத்' தேர்ந்தெடுத்தால் அந்த ஒலியை அணைத்துவிட்டு, அதிர்வை மட்டும் வைத்திருக்கிறேன்.